மூன்று ஊடகங்கள், இரண்டு குறியீட்டாளர்கள்: உள்ளடக்கப் பகுப்பாய்வின் முடிவுகளை எழுதுவது எப்படி

பெங்களூருவில் இதழியலும் ஊடகவியலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, ஒரே நிகழ்வைத் தமிழ் நாளிதழ்களும் ஆங்கில நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் எப்படிச் சொல்லின என்று ஒப்பிடுவதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். செய்திகளைத் திரட்டி, வகை பிரித்து, எண்ணி முடிப்பதுவரை வேலை ஒழுங்காகவே நடக்கும். முடிவுகள் அத்தியாயத்தை எழுத உட்காரும்போதுதான் எந்த எண்ணை முன்னால் வைப்பது, செய்திகளை வகை பிரிக்கும் குறியீட்டாளர்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்ற இணக்கத்தை எங்கே சொல்வது, எண்ணிக்கைகளில் தெரியும் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை உண்மையில் எதை நிறுவுகிறது என்ற கேள்விகள் எழுகின்றன. இக்கட்டுரை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படிப்படியாக எழுதிக் காட்டுகிறது.

எடுத்துக்காட்டின் பொருள், 2024 மார்ச்சில் பெங்களூருவைத் தாக்கிய தண்ணீர்ப் பஞ்சம். ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. டேங்கர் கட்டணத்துக்கு மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு விதித்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. இச்செய்திகளில் தமிழ் நாளிதழ்களிலிருந்து 80, ஆங்கில நாளிதழ்களிலிருந்து 90, தொலைக்காட்சிகள் யூடியூபில் ஏற்றிய செய்தித் துணுக்குகளிலிருந்து 70 என மொத்தம் 240 செய்திகளை ஒரு மாணவர் குழு எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் அனைத்தும் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. எந்த ஊடகத்தைப் பற்றிய கண்டுபிடிப்பும் அல்ல.

படி 1: எதை எண்ணினோம் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு செய்தி என்பது ஓர் அலகு. நிகழ்வை அந்தச் செய்தி எந்தக் கோணத்தில் காட்டுகிறது என்பதே சட்டகம்; ஓர் அலகுக்கு ஒரே ஒரு முதன்மைச் சட்டகம். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தெளிவாக எழுதிவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் சட்டகங்கள் நான்கு: யார் பொறுப்பு என்று கேட்கும் ‘பொறுப்பு’, கட்சிகளோ மாநிலங்களோ மோதிக்கொள்வதைக் காட்டும் ‘மோதல்’, மக்கள் படும் பாட்டைச் சொல்லும் ‘மக்கள் நிலை’, விலையையும் தொழில் நட்டத்தையும் பேசும் ‘பொருளாதாரம்’.

ஒரு செய்திக்கு இரண்டு மூன்று சட்டகங்களைக் கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தால் கணக்கே மாறிவிடும். 240 செய்திகளில் 400 குறியீடுகள் விழுந்திருக்கின்றன என்று கொள்வோம். அந்த 400-ஐ அப்படியே அட்டவணையில் போட்டுக் கை-வர்க்கம் கணக்கிடுவது தவறு, ஏனெனில் ஒவ்வொரு அலகும் அட்டவணையின் ஒரே ஒரு கட்டத்தில் ஒருமுறை மட்டுமே இடம்பெற வேண்டும் என்பது அச்சோதனையின் அடிப்படை நிபந்தனை. அப்படிப்பட்ட தரவுக்கு ஒவ்வொரு சட்டகத்துக்கும் ‘உண்டு, இல்லை’ என்று தனித்தனி அட்டவணை போட்டு, தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

இதே நிபந்தனையை மீறும் வேறொன்று, செய்தி முகமைகளின் பிரதி. பி.டி.ஐ. அனுப்பிய ஒரே செய்தி இரண்டு ஆங்கில நாளிதழ்களில் வரிக்கு வரி அப்படியே வந்திருந்தால் அவை இரண்டு சுதந்திரமான அலகுகள் ஆகா. ஒரு சேனல் காலையில் ஏற்றிய துணுக்கையே மாலையில் வேறு தலைப்பில் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான். எத்தனையை எந்த விதிப்படி நீக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

படி 2: யார் எதைக் குறியிட்டார் என்பதை மறைக்காதீர்கள்

பெங்களூருத் தமிழர்களிடையே இந்த வேலை நடக்கும்போது மிகுதியாகத் தவறு நேர்வது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குழுவில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்துவிட்டு முதுகலைக்காக இங்கு வந்தவர். இரண்டாமவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஆனால் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்ததால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இந்த ஊரில் இது வெகு இயல்பு. இவர்களுக்கு உடனே தோன்றும் வேலைப் பங்கீடும் இயல்பானதே: “தமிழ் பேப்பரை நீ பாரு, இங்கிலீஷை நான் பாத்துக்கறேன்.” அந்த நொடியிலேயே ஆய்வு பழுதாகிவிடுகிறது. தமிழ் நாளிதழ்களுக்கும் ஆங்கில நாளிதழ்களுக்கும் இடையே பின்னர் தெரியவரும் வேறுபாடு ஊடகத்தின் வேறுபாடா, குறியிட்ட ஆளின் வேறுபாடா என்று எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கை-வர்க்கத்துக்கு அட்டவணையில் உள்ள எண்கள் மட்டுமே தெரியும். அவற்றை யார் இட்டார் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே இருவரும் மூன்று ஊடகங்களையும் குறியிட வேண்டும். எந்தச் செய்தி யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். தமிழ் வாசிப்பு மெதுவாக உள்ளவருக்கு மூன்றாம் ஒருவர் செய்தியை உரக்க வாசித்துக் காட்டலாம். பேச்சுத் தமிழ் அறிந்தவருக்கு நாளிதழ் நடையும் காதால் கேட்டால் பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் வாசிப்பவர் குறியீட்டாளராக இருக்கக்கூடாது. எந்த வரியை அழுத்தி வாசிக்கிறார் என்பதே அவருடைய தீர்ப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். தலைப்பின் அளவு, படத்தின் இடம் ஆகியவை குறியீட்டு விதியில் உண்டென்றால், பக்கத்தின் படத்தையும் கேட்பவர் முன்னால் வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை ஆய்வு முறை அத்தியாயத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். படிக்கும் தேர்வாளருக்கு அது குறையாகத் தெரியாது. எழுதாமல் விட்டது பின்னர் வாய்மொழித் தேர்வில் வெளிப்பட்டால்தான் குறை.

படி 3: இணக்கத்தை ஒவ்வொரு மாறிக்கும் தனியாகக் கணக்கிடுங்கள்

குறியீட்டுக் கையேட்டை வைத்துப் பழகுவதற்கு எடுத்த செய்திகள் வேறு, இணக்கத்தை அளக்க எடுக்கும் செய்திகள் வேறு. பழகிய செய்திகளிலேயே இணக்கத்தை அளந்தால் ஏற்கெனவே விடை தெரிந்த வினாத்தாளில் தேர்வு எழுதியதாகிவிடும். 240 செய்திகளில் ஊடகத்துக்கு 20 வீதம் 60 செய்திகளைக் குலுக்கி எடுத்து, இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியே குறியிட வேண்டும். கருத்து வேறுபட்ட செய்திகளைப் பேசித் தீர்ப்பது அதற்குப் பிறகுதான். இணக்க எண் எப்போதும் பேசித் தீர்ப்பதற்கு முந்தியது. பேசிய பிறகு 100 விழுக்காடு ஒத்துப்போனோம் என்று எழுதுவதற்கு எந்தப் பொருளும் இல்லை.

நம் 60 செய்திகளில் கிடைத்தது இது. கிடைவரிசை முதலாமவர், செங்குத்து வரிசை இரண்டாமவர்.

| | பொறுப்பு | மோதல் | மக்கள் நிலை | பொருளாதாரம் | கூட்டல் |
|---|---|---|---|---|---|
| பொறுப்பு | 17 | 1 | 3 | 1 | 22 |
| மோதல் | 1 | 10 | 1 | 0 | 12 |
| மக்கள் நிலை | 2 | 1 | 14 | 0 | 17 |
| பொருளாதாரம் | 1 | 0 | 1 | 7 | 9 |
| கூட்டல் | 21 | 12 | 19 | 8 | 60 |

மூலைவிட்டத்தில் உள்ள 17, 10, 14, 7 ஆகியவை இருவரும் ஒத்துப்போனவை. கூட்டினால் 48, அதாவது 80 விழுக்காடு. இந்த 80-ஐ மட்டும் எழுதி நிறுத்திவிடும் ஆய்வேடுகள் பல. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டிருந்தாலும் தற்செயலாகச் சில ஒத்துப்போயிருக்கும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் இருவரின் கூட்டல்களைப் பெருக்கி, நான்கையும் கூட்டி, 60-இன் வர்க்கமான 3600-ஆல் வகுத்தால் தற்செயல் இணக்கம் கிடைக்கும்: (462 + 144 + 323 + 72) ÷ 3600 = 0.278. இதைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் 1960-இல் ஜேக்கப் கோஹன் முன்வைத்த காப்பா: (0.800 − 0.278) ÷ (1 − 0.278) = 0.72. கிளவுஸ் கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபாவைக் கணக்கிட்டால் 0.73 வரும். குறியீட்டாளர்கள் இருவருக்கு மேல் இருந்தாலோ, சில செய்திகளை ஒருவர் குறியிடாமல் விட்டிருந்தாலோ ஆல்ஃபாவே வசதி.

0.73 போதுமா? கிரிப்பெண்டார்ஃப் 0.800-ஐ எட்டுவதை விரும்பத்தக்கதாகவும், 0.667 முதல் 0.800 வரை உள்ளதைத் தற்காலிக முடிவுகளுக்கு மட்டும் தாங்கக்கூடியதாகவும் கருதுகிறார். காப்பாவுக்கு 1977-இல் லேண்டிசும் காக்கும் கொடுத்த அளவுகோலில் இதே எண் ‘கணிசமான இணக்கம்’ என்ற படியில் விழும். எது தனக்குச் சாதகமோ அதைத் தேடிப் பிடிப்பதைவிட, கடுமையானதை எடுத்துக்கொண்டு, ‘தற்காலிக முடிவு’ என்ற சொல்லைத் தன் எழுத்திலும் கடைப்பிடிப்பதே முறை என்பது என் கருத்து.

எல்லா மாறிகளையும் சேர்த்துச் ‘சராசரி இணக்கம் 88 விழுக்காடு’ என்று எழுதவே கூடாது. செய்தியின் தேதி, பக்க எண் போன்றவற்றில் இருவரும் எப்போதும் ஒத்துப்போவார்கள். அவை சராசரியைத் தூக்கிவிட்டு, சட்டகம் போன்ற கடினமான மாறியின் பலவீனத்தை மூடி மறைத்துவிடும். அரிதாக வரும் மாறிகளிலோ எதிர்மாறாக நடக்கும். ‘டேங்கர் உரிமையாளரின் கூற்று மேற்கோளாக வந்துள்ளதா’ என்ற கேள்விக்கு 56 செய்திகளில் இருவரும் இல்லை என்றும், ஒன்றில் இருவரும் உண்டு என்றும், மூன்றில் வேறுபட்டும் குறியிட்டிருந்தால் இணக்கம் 95 விழுக்காடு; ஆனால் காப்பா வெறும் 0.38. ‘உண்டு’ என்பதை இருவரும் ஒரேபோல அடையாளம் காண்கிறார்கள் என்பதற்குச் சான்று அந்த ஒரே ஒரு செய்திதான் என்பதை அந்தக் குறைந்த எண் நேர்மையாகச் சொல்கிறது. இப்படிப்பட்ட மாறியை ஊடகங்களுக்கிடையே ஒப்பிடாமல் விடுவதே நல்லது.

படி 4: கருத்து வேறுபாடு எங்கே குவிகிறது என்று பாருங்கள்

இணக்க எண்ணை எழுதியதும் அடுத்த பகுதிக்குப் போய்விடுவது வழக்கம். போகாதீர்கள். மேலுள்ள அட்டவணையில் மூலைவிட்டத்துக்கு வெளியே 12 செய்திகள் இருக்கின்றன. அவற்றில் 5, பொறுப்புக்கும் மக்கள் நிலைக்கும் இடையே விழுந்தவை. காரணம் செய்திகளைப் படித்தாலே தெரியும். காலிக் குடங்களோடு டேங்கருக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் சொற்களில் செய்தி தொடங்குகிறது; நான்காம் பத்தியில் வாரியம் ஏன் குழாய் இணைப்புத் தரவில்லை என்ற கேள்வியோடு முடிகிறது. தொடக்கத்தைப் பார்த்தவருக்கு அது மக்கள் நிலை. முடிவைப் பார்த்தவருக்குப் பொறுப்பு. ‘தலைப்பும் முதல் இரண்டு பத்திகளும் எதைச் சொல்கின்றனவோ அதுவே முதன்மைச் சட்டகம்’ என்பது போன்ற விதி கையேட்டில் இருந்திருந்தால் இதில் பாதி குறைந்திருக்கும்.

இப்போது அந்த 12-ஐ ஊடகவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தமிழ் நாளிதழ்களின் 20 செய்திகளில் 14-இல் மட்டுமே இணக்கம். ஆங்கிலத்திலும் தொலைக்காட்சியிலும் தலா 17. பொறுப்பா, மக்கள் நிலையா என்று வேறுபட்ட ஐந்தில் நான்கு தமிழ்ச் செய்திகள். அந்த நான்கில் மூன்றை இரண்டாமவர் மக்கள் நிலை என்றும் முதலாமவர் பொறுப்பு என்றும் குறியிட்டிருக்கிறார்; ஒன்று மறுதலை. ஆக, தமிழ்ச் செய்திகளில் இரண்டாமவரின் தீர்ப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. இந்தத் தகவலை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: அலைவெண் அட்டவணை

| ஊடகம் | பொறுப்பு | மோதல் | மக்கள் நிலை | பொருளாதாரம் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| தமிழ் நாளிதழ் | 22 (27.5%) | 10 (12.5%) | 36 (45.0%) | 12 (15.0%) | 80 |
| ஆங்கில நாளிதழ் | 40 (44.4%) | 14 (15.6%) | 18 (20.0%) | 18 (20.0%) | 90 |
| தொலைக்காட்சி | 16 (22.9%) | 26 (37.1%) | 20 (28.6%) | 8 (11.4%) | 70 |
| மொத்தம் | 78 (32.5%) | 50 (20.8%) | 74 (30.8%) | 38 (15.8%) | 240 |

எண்ணிக்கை, விழுக்காடு இரண்டும் வேண்டும். விழுக்காடு அந்தந்த ஊடகத்தின் மொத்தத்துக்கு உரியது என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள். தொலைக்காட்சிச் செய்திகளில் 37.1 விழுக்காடு மோதல் என்பது ஒரு கூற்று. மோதல் செய்திகளில் 52 விழுக்காடு தொலைக்காட்சியினுடையது என்பது வேறு கூற்று. இரண்டாவது, நீங்கள் எத்தனை துணுக்குகளை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடும். ஊடகங்களை ஒப்பிட அது உதவாது. கடைசி வரிசையின் விழுக்காடுகளைக் கூட்டினால் 99.9 வருவது தசமச் சுருக்கத்தால். அடிக்குறிப்பாக ஒரு வரி போதும், எண்ணைத் திருத்த வேண்டாம்.

படி 6: கை-வர்க்கமும் அதன் பிறகும்

மூன்று ஊடகங்களிலும் சட்டகங்களின் பங்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை செய்திகள் இருந்திருக்கும் என்பதே எதிர்பார்க்கும் அலைவெண். எடுத்துக்காட்டாக, தொலைக்காட்சியின் மோதல் கட்டத்துக்கு 70 × 50 ÷ 240 = 14.58. அங்கே உண்மையில் இருப்பதோ 26. இந்த இடைவெளியை வர்க்கப்படுத்தி, 14.58-ஆல் வகுத்தால் 8.94. பன்னிரண்டு கட்டங்களுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் 30.01 வருகிறது. வரையற்ற பாகை (3 − 1) × (4 − 1) = 6. R மென்பொருளில் இதைச் செய்ய:

```r
tab <- matrix(c(22, 10, 36, 12,
                40, 14, 18, 18,
                16, 26, 20,  8),
              nrow = 3, byrow = TRUE)
k <- chisq.test(tab)
k
k$expected
k$stdres
sqrt(k$statistic / (sum(tab) * (min(dim(tab)) - 1)))
```

அட்டவணைக்குள் இட வேண்டியது எண்ணிக்கையை மட்டுமே. விழுக்காட்டை இட்டால் மென்பொருள் மறுப்பேதும் சொல்லாமல் ஒரு விடையைத் தந்துவிடும். அது 240 செய்திகளுக்கு உரிய விடையாக இருக்காது. எதிர்பார்க்கும் அலைவெண்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் 5-ஐவிடக் குறைந்தால் இச்சோதனையை அப்படியே நம்புவதற்கில்லை. நம் அட்டவணையில் மிகச் சிறியதே 11.08 என்பதால் இடையூறு இல்லை. அப்படிக் குறைந்தால் பொருளளவில் நெருங்கிய வகைகளை இணைக்கலாம், அல்லது `simulate.p.value = TRUE` என்று கொடுத்து, ஊடகங்களிடையே வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு தெரியும் வாய்ப்பைச் சொல்லும் p மதிப்பை உருவகப்படுத்தி எடுக்கலாம். எதை எதோடு இணைத்தால் p குறைகிறது என்று பார்த்துப் பார்த்து இணைப்பது ஆய்வு ஆகாது.

கடைசி வரி தருவது கிராமரின் V, இங்கே 0.25. 240 என்பதை 2,400 ஆக்கினால், விழுக்காடுகள் மாறாவிட்டாலும் கை-வர்க்கம் பத்து மடங்காகும், V மாறாது. எனவே வேறுபாட்டின் பருமனைச் சொல்ல V-யையே எழுத வேண்டும்.

கை-வர்க்கம் சொல்வது இவ்வளவுதான்: மூன்று ஊடகங்களும் ஒரே மாதிரி இல்லை. எங்கே, எப்படி என்று அது சொல்லாது. ‘p < .001, எனவே தமிழ் நாளிதழ்கள் மக்கள் நிலையை அதிகம் காட்டுகின்றன’ என்று தாவுவது, பார்க்கும் ஆய்வேடுகளில் எல்லாம் கண்ணில் படுகிறது. அதற்கு, எதிர்பார்த்த எண்ணிலிருந்து ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் சரிசெய்த எச்சத்தைப் பார்க்க வேண்டும். `k$stdres` தருவது அதுவே. `k$residuals` என்பது வேறு; அது எப்போதும் சிறிதாகவே வரும், இந்த வேலைக்குப் பொருந்தாது. SPSS பயன்படுத்துவோர் Crosstabs-இல் Cells என்பதன் கீழ் Adjusted standardized என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எச்சம் 1.96-ஐத் தாண்டினால் போதும் என்பது ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்குரிய வரம்பு. பன்னிரண்டைப் பார்க்கும்போது 0.05-ஐப் பன்னிரண்டால் வகுக்கும் போன்ஃபெரோனி முறைப்படி வரம்பு 2.87 ஆகிறது. அதைத் தாண்டுபவை மூன்று: தொலைக்காட்சியில் மோதல் 3.99, தமிழில் மக்கள் நிலை 3.36, ஆங்கிலத்தில் பொறுப்பு 3.06. ஆங்கிலத்தில் மக்கள் நிலை −2.82 என்று வரம்புக்கு மிக அருகே நின்றுவிடுகிறது. நின்றதை நின்றது என்றே எழுத வேண்டும். ‘ஏறக்குறையக் குறிப்பிடத்தக்கது’ என்ற சொற்றொடர் வேண்டாம்.

படி 7: இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

மேசைமேல் வைத்த தாளை இப்போது எடுங்கள். வரம்பைத் தாண்டிய மூன்றில் இரண்டு, பொறுப்பு, மக்கள் நிலை ஆகிய சட்டகங்களைப் பற்றியவை. குறியீட்டாளர்கள் அடிக்கடி வேறுபட்டதும் இவற்றுக்கிடையேதான். அதுவும் தமிழ்ச் செய்திகளில். ஆகவே தமிழில் மக்கள் நிலை மிகுதி என்ற முடிவு, இரண்டாமவரின் சாய்வால் ஓரளவு பெருத்ததாக இருக்கக்கூடும்.

எவ்வளவு என்று தோராயமாகக் கணக்கிடலாம். இருவரும் குறியிட்ட 20 தமிழ்ச் செய்திகளில் நிகரச் சாய்வு 2. அந்த வீதத்தில் 80 செய்திகளுக்கு 8. அவற்றில் பாதியைத்தான் இரண்டாமவர் குறியிட்டார் என்றால் 4. தமிழ் வரிசையில் மக்கள் நிலையிலிருந்து 4 செய்திகளைப் பொறுப்புக்கு மாற்றி, 26, 10, 32, 12 என்று வைத்து மறுபடி கணக்கிடுங்கள். கை-வர்க்கம் 25.98, V 0.23, p இன்னும் .001-க்குக் கீழேதான். ஆனால் தமிழில் மக்கள் நிலையின் எச்சம் 2.61 ஆகவும், ஆங்கிலத்தில் பொறுப்பின் எச்சம் 2.60 ஆகவும் இறங்கி, இரண்டும் வரம்புக்குக் கீழே போய்விடுகின்றன. ஆங்கில வரிசையில் நாம் எதையும் தொடவில்லை. பொறுப்பின் மொத்தம் கூடியதாலேயே அதன் எச்சம் குறைந்தது. தொலைக்காட்சியில் மோதல் மட்டும் 3.99-இலேயே நிற்கிறது.

நான்கு செய்திகளின் இடமாற்றத்தில் கரைந்துவிடும் முடிவும், அதைத் தாங்கி நிற்கும் முடிவும் ஒரே எடையுள்ளவை அல்ல. இணக்கம் 0.73 என்று ஆய்வு முறை அத்தியாயத்திலும், கை-வர்க்கம் 30.01 என்று முடிவுகள் அத்தியாயத்திலும் தனித்தனியே எழுதிவிட்டால் இந்த வேறுபாடு எவருக்கும் தெரியவராது. 60 செய்திகளை வைத்துக் கணக்கிட்ட சாய்வு துல்லியமானது அன்று என்பதும் உண்மை. அதனால்தான் இது திருத்தம் ஆகாது, தாங்குதிறன் சோதனை மட்டுமே. மூல அட்டவணையை மாற்றாமல், இந்த மறுகணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும். நேரம் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு: பொறுப்பு, மக்கள் நிலை என்று குறியிட்ட தமிழ்ச் செய்திகள் 58-ஐயும், திருத்திய விதியைக் கையில் வைத்துக்கொண்டு, இருவரும் மறுபடி தனித்தனியே குறியிடுவது. அப்படிச் செய்தால் புதிய இணக்க எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும்.

படி 8: எழுத்தில் வரவேண்டிய வடிவம்

முடிவுகள் பகுதி இவ்வாறு அமையலாம்:

‘சட்டக மாறிக்கு, பேசித் தீர்ப்பதற்கு முன் இருவர் தனித்தனியே குறியிட்ட 60 செய்திகளில் இணக்கம் 80 விழுக்காடு; கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபா 0.73. ஊடக வகைக்கும் முதன்மைச் சட்டகத்துக்கும் தொடர்பு காணப்படுகிறது: χ²(6, N = 240) = 30.01, p < .001, கிராமரின் V = 0.25. போன்ஃபெரோனி வரம்பான 2.87-ஐத் தாண்டிய எச்சங்களின்படி, தொலைக்காட்சியில் மோதல் (37.1%, எச்சம் 3.99), தமிழ் நாளிதழ்களில் மக்கள் நிலை (45.0%, 3.36), ஆங்கில நாளிதழ்களில் பொறுப்பு (44.4%, 3.06) ஆகியன எதிர்பார்த்ததைவிட மிகுதி. குறியீட்டாளர் வேறுபாடு பொறுப்புக்கும் மக்கள் நிலைக்கும் இடையே, குறிப்பாகத் தமிழ்ச் செய்திகளில், குவிந்திருந்தது. அதன் விளைவைக் கணக்கில் கொண்ட மறுகணிப்பில் தொலைக்காட்சி பற்றிய முடிவு மாறவில்லை. மற்ற இரண்டும் வரம்புக்குக் கீழே இறங்கின. எனவே அவை இரண்டையும் தற்காலிக முடிவுகளாகவே கொள்கிறோம்.’

p மதிப்பை .000 என்று எழுத வேண்டாம். திரையில் SPSS அப்படிக் காட்டினாலும் அது சுழியம் அன்று, p <.001 என்றே எழுத வேண்டும். அந்தக் காலத்தில் வெளிவந்த எல்லாச் செய்திகளையும் விடாமல் எடுத்திருந்தால், கூறெடுப்பு நடக்கவில்லை என்பதால் p மதிப்புக்கு என்ன பொருள் என்ற கேள்வி வரும். அப்போது விழுக்காடுகளையும் V-யையும் முன்னால் வைத்து, p மதிப்பை ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

பின்னிணைப்பில் மூன்று இருக்கட்டும்: குறியீட்டுக் கையேட்டின் இறுதி வடிவம், இருவரின் 60 செய்திகளுக்கான குறுக்கு அட்டவணை, எந்தச் செய்தியை யார் குறியிட்டார் என்ற செங்குத்து வரிசையோடு கூடிய முழுத் தரவுக் கோப்பு. அந்தச் செங்குத்து வரிசை இருந்தால்தான், இருவரும் குறியிடாத 180 செய்திகளில் முதலாமவரின் பங்கிலும் இரண்டாமவரின் பங்கிலும் சட்டகங்கள் எப்படிப் பரவியுள்ளன என்று வேறொருவர் ஊடகவாரியாகச் சரிபார்க்க முடியும்.